அனுபவப் பகிர்வு: தேர்ப் பாட்டு வீடியோவுக்கு ஒலி விவரணை, கேப்ஷன் போட்டவர்கள் வாருங்கள்

பண்ணைக்காடு தேவி

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேரை எடுத்து, திருப்புகழ் பாட்டோடு சேர்த்து 5 நிமிடம் 40 நொடி வீடியோ செய்திருக்கிறோம். பார்வையில்லாதவர்களுக்கு ஒலி விவரணையும், காது கேளாதவர்களுக்கு எழுத்தும் சேர்க்க வேண்டும். பாட்டு 'நாத விந்து கலாதீ'. பாடுபவர் மூச்சு விடுகிற இடமே இல்லாத மாதிரி இருக்கிறது. விவரணையை எங்கே நுழைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அடிவாரம் ஒலிப்பதிவு

தேவி, முதலில் வீடியோவை மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு, வாய்ப்பாட்டு இல்லாத இடங்களை நொடிக் கணக்கில் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய மாதிரியில் நான் குறித்தது இது: தொடக்கத்தில் நாதஸ்வரம் 22 நொடி, முதல் சரணம் முடிந்ததும் 11, இரண்டாவது முடிந்ததும் 9, கடைசியில் மணியோசை 14. ஆக மொத்தம் 56 நொடிதான் உங்கள் கையில். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் அரை நொடி விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் விவரணையின் கடைசிச் சொல்லும் பாடகரின் முதல் சொல்லும் மோதும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். 'பிடித்திருக்கிறார்கள்' ஒரே சொல்தான், ஆனால் அதைச் சொல்ல ஒரு நொடிக்கு மேல் போகும். நிதானமாகப் பேசினால் நொடிக்கு ஒன்றரைச் சொல் என்று வையுங்கள். 11 நொடியில் 15 சொல்லுக்கு மேல் திணிக்காதீர்கள். முதல் 22 நொடிக்கு இப்படி எழுதிப் பார்த்தேன்:

"மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் பூண்டு வயல்கள். கீழே நெருக்கமான வீடுகள். குறுகிய தெருவில் தேர் நிற்கிறது. இரண்டு வடங்கள். ஒன்றைப் பெண்கள் பிடித்திருக்கிறார்கள், மற்றதை ஆண்கள்."

18 சொல், படிக்க 13 நொடி. மிச்சத்தில் நாதஸ்வரம் தனியாகக் கேட்கட்டும்.

சரணத்துக்குள் முக்கியமான காட்சி வந்தால், அதை முந்தைய இடைவெளியிலேயே சொல்லிவிடலாம். தேர் தெருமுனையில் திரும்புவது உங்களுக்கு 2:31-இல் வருகிறது, அங்கே பாட்டு ஓடுகிறது. 2:14-இல் முடிகிற 9 நொடி இடைவெளியில் "தேர் தெருமுனையை நெருங்குகிறது. சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுப்பவர்கள் குனிந்து தயாராகிறார்கள்" என்று சொல்லி வைத்தால் போதும். பிறகு 'அரோகரா' சத்தம் ஏறும்போது கேட்பவருக்குத் தானாகப் புரியும்.

கோத்தகிரி மணி

இவ்வளவு கணக்கு எதற்கு? விவரணை வரும் இடத்தில் பாட்டுச் சத்தத்தைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பேசினால் வேலை முடிந்தது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அடிவாரம் ஒலிப்பதிவு

மணி அண்ணா, குறைக்க வேண்டும் என்பது சரி, பூஜ்ஜியம் கூடாது. பாட்டு அறுந்து மறுபடி முளைத்தால் கேட்பவருக்குத் தாளம் தப்பிவிடும், நெட் போய்விட்டதோ என்றும் நினைப்பார். 12 டெசிபல் இறக்கினால் குரலுக்குக் கீழே மேளம் நடந்துகொண்டே இருக்கும்.

ஆடாசிட்டி ஒலித்தொகுப்பு மென்பொருளில் Auto Duck என்ற எபெக்ட் இதற்கென்றே இருக்கிறது. பாட்டு மேல் தடத்தில், விவரணைக் குரல் அதற்கு நேர் கீழ்த் தடத்தில் இருக்க வேண்டும். வரிசை மாறினால் வேலை செய்யாது. பாட்டுத் தடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு எபெக்டைப் போடுங்கள். அதில் Maximum pause 1 நொடி என்றிருக்கும். நம் விவரணையில் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தம் அதிகம் என்பதால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தவில் திடீரென்று மேலே வந்து திரும்ப இறங்கும். ஊஞ்சல் ஆடுகிற மாதிரி கேட்டால் காரணம் அதுதான். 2 அல்லது 2.5 ஆக்கிவிடுங்கள்.

ஒட்டன்சத்திரம் ராஜா

நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன், பக்தி வீடியோ நிறையக் கேட்பவன். எழுதுகிறவர்கள் தவறுகிற இடத்தை மட்டும் சொல்கிறேன்.

'அழகான முருகன்', 'கண்கொள்ளாக் காட்சி' இரண்டும் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. 'ராஜ அலங்காரம்' என்று பெயர் சொன்னாலும் பாதிதான். தலையில் என்ன, இடுப்பில் என்ன, கையில் வேலா தண்டமா என்று சொல்லுங்கள், ஆண்டிக் கோலத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் நானே கண்டுகொள்வேன். மணி அடிப்பதை 'மணி அடிக்கிறது' என்று சொல்ல வேண்டாம், அது எனக்கே கேட்கிறது. அபிஷேக வீடியோவில் பாலா, சந்தனமா, பஞ்சாமிர்தமா என்பதுதான் கேட்காது. தீபாராதனை என்றால் மணி தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தொடங்கிய பிறகு விவரணைக் குரல் மணிக்குள் மூழ்கிவிடும்.

இன்னொன்று, வீடியோவைத் திறப்பதற்கு முன்பே நடக்கிற கொடுமை. தலைப்பில் வரிசையாக ஆறு கும்பிடு படம் போடுகிறீர்களே, என் போன் அதை ஒவ்வொன்றாகப் படித்து முடித்த பிறகுதான் கோயில் பெயருக்கு வரும். கடைசியில் ஒன்றே ஒன்று போடுங்கள். 'ஒலி விவரணையுடன்' என்பதைத் தலைப்பின் முன்பக்கம் வையுங்கள், பட்டியலில் தடவிக்கொண்டே போகும்போது அதைக் கேட்டால்தான் நிற்பேன்.

குன்னூர் சரஸ்வதி

எங்கள் மாமனாருக்கு 82 வயது, காது மந்தம். டிவியில் சத்தம் வைத்தாலும் புரியவில்லை என்கிறார். அதற்கு எந்த ஹியரிங் எய்டு நல்லது? இங்கே கேட்கலாமா?

பண்ணைக்காடு தேவி

அக்கா, கருவி பற்றி காது டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். மாமாவுக்குத் தமிழ் படிக்க வருமென்றால் நாங்கள் போடப்போகிற எழுத்து அவருக்கும் உதவும். அதற்கு வருகிறேன்: புத்தகத்தில் உள்ள திருப்புகழை அப்படியே வரி வரியாக ஒட்டிவிடலாமா?

கோத்தகிரி மணி

ஒட்டலாம், புத்தகம்தானே சரியான பாடம்.

வத்தலகுண்டு தமிழாசிரியை

பாடம் சரி, பிரிப்பு ஆகாது. அச்சில் திருப்புகழ் சந்தத்துக்காகப் பிரிந்து நிற்கும். 'நாத விந்துக லாதீ', 'நாக பந்தம யூரா' என்று இருக்கும். காதில் கேட்பவருக்குச் சந்தமே அதைச் சேர்த்துவிடும். சந்தம் கேட்காதவர் 'லாதீ', 'யூரா' என்றால் என்ன என்று நிற்பார். கேப்ஷனில் 'நாத விந்து கலாதீ', 'நாக பந்த மயூரா' என்று சொல்லால் பிரியுங்கள்.

அதைவிடக் கடினமான இடம் வரி முடிவு. 'ஞான பண்டித ஸாமீ நமோநம' என்பதற்குப் பின் தொங்கலாக 'வெகுகோடி' வரும், பாடுபவர் அங்கே இழுத்து நிறுத்துவார். பொருளோ அடுத்த வரியில் இருக்கிறது: 'வெகுகோடி நாம சம்பு குமாரா', பல கோடிப் பெயர்களுடைய சிவனின் மகனே என்று. 'வெகுகோடி'யை முதல் கேப்ஷனின் வாலில் விட்டால் எதுவுமே கோடியாகாமல் தொங்கும். ஆகவே 'நமோ நம'வோடு ஒரு கேப்ஷனை முடித்து, 'வெகுகோடி' என்று பாடகர் வாயெடுக்கும் நொடியில் முழு அடுத்த கேப்ஷனும் தோன்றட்டும். எழுத்து குரலுக்கு ஓரிரு நொடி முந்தும், பரவாயில்லை.

அடிவாரம் ஒலிப்பதிவு

கேப்ஷனை எழுதி வைக்கும் srt கோப்பின் வடிவம் இதுதான், மாதிரிக்கு 1-ஐயும் 4-ஐயும் மட்டும் காட்டுகிறேன். நொடிக்குப் பிறகு வருவது காற்புள்ளி. முற்றுப்புள்ளி வைப்பது vtt வகைக்கு, srt-இல் வைத்தால் சில இடங்களில் ஏறாது.

```
1
00:00:00,500 --> 00:00:05,000
[நாதஸ்வரம், தவில்: மல்லாரி]

4
00:00:31,000 --> 00:00:36,500
வெகுகோடி நாம
சம்பு குமாரா, நமோ நம
```

நோட்பேடில் சேமிக்கும்போது UTF-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பாடல் வரி கையில் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும்.

எழுத்து எண்ணிக்கை அதிகம் என்று மென்பொருள் சிவப்புக் காட்டினால் உடனே பயப்படாதீர்கள். 'குழந்தை' நமக்கு 4 எழுத்து, அது புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணி 7 என்று சொல்லும். பாட்டை அறியாத ஒருவரை மௌனமாகப் படிக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

செல்வி, கொடைக்கானல்

நான் காது கேளாதவள். மேலே மல்லாரி என்று எழுதியது நல்லது. நிறைய வீடியோவில் [இசை] மட்டும் இருக்கும். 40 நொடி [இசை]. எந்தக் கருவி? வேகம் கூடியதா? சாமி புறப்படும்போது மல்லாரி என்று படித்தால் எனக்குத் தேர் நகரப்போகிறது என்று தெரியும். கூட்டம் கத்தினால் [கூட்டம்: அரோகரா!] என்று எழுதுங்கள். பாடுபவர் சொன்னதா, கூட்டம் சொன்னதா என்று பிரியும்.

நிறம் கவனம். இங்கே பனிமூட்டம் வந்தால் படமே வெள்ளை. வெள்ளை எழுத்தைப் படத்தோடு ஒட்டினால் காணாமல் போகும். விபூதி அபிஷேகத்திலும் அதே. எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வேண்டும்.

எழுத்து மட்டும் எல்லோருக்கும் போதாது. என் தோழிகள் சிலருக்குச் சைகைதான் மொழி. திருப்புகழ்த் தமிழ் அவர்களுக்குப் புரியாது. எனக்கே பாதி புரியாது.

வத்தலகுண்டு தமிழாசிரியை

செல்வி, அது காது கேட்கிறவர்களுக்கும் பாதி புரியாதம்மா.

பண்ணைக்காடு தேவி

சைகைப் பெண் நிற்கிற சதுரத்தை வலது கீழ் மூலையில் வைத்துப் பார்த்தோம், தேர்ச் சக்கரமும் கட்டை கொடுக்கிறவர்களும் மறைந்துபோகிறார்கள். படத்தைச் சிறிதாக்கி இடது பக்கம் தள்ளி, வலது ஓரத்தை அவருக்கு முழுமையாக விடலாமா என்று யோசிக்கிறோம். அடியில் ஏற்கெனவே படத்தோடு ஒட்டியிருந்த பாடல் வரியை எடுத்துவிட்டோம், கேப்ஷன் அதன் மேலேயே வந்து விழுந்தது.

செல்வி, கொடைக்கானல்

ஓரம் நல்லது. ஆனால் கை முழுக்கத் தெரிய வேண்டும். இடுப்புவரை எடுங்கள். பின்னால் பூப்போட்ட திரை வேண்டாம். அவர் பாடலின் பொருளைத்தான் செய்ய வேண்டும், ஒவ்வொரு சொல்லையும் அல்ல. அதனால் அவருக்கு உரை முன்பே வேண்டும்.

கோத்தகிரி மணி

மூன்றாவது சரணத்துக்கு அப்புறம் இடைவெளியே இல்லையே, அங்கே தேர் நிலைக்கு வருகிறது. அதை எப்படிச் சொல்வீர்கள்?

அடிவாரம் ஒலிப்பதிவு

நல்ல கேள்வி அண்ணா. இரண்டு வழி. விவரணைப் பதிப்பில் மட்டும் படத்தை உறைய வைத்து, பாட்டை நிறுத்தி, 8 நொடி பேசிவிட்டுத் தொடரலாம். நிறுத்துவதானால் 'நமோ நம' முடிந்து தாளம் சமத்துக்கு வரும் இடத்தில், நடு வரியில் கூடாது. அல்லது பாட்டு தொடங்குவதற்கு முன்பே 30 நொடி முன்னுரையாகத் தேர் எங்கே புறப்பட்டு எங்கே நிலை சேரும் என்று சொல்லிவிடலாம். நான் முன்னுரைப் பக்கம்.

ஒட்டன்சத்திரம் ராஜா

நான் நிறுத்துகிற பக்கம். முன்னுரையில் கேட்டது நாலாவது நிமிடத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? தேர் நிலைக்கு வரும் நொடியில் எனக்கும் அது தெரிய வேண்டும்.

வத்தலகுண்டு தமிழாசிரியை

திருப்புகழை நடுவில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை ராஜா.

பண்ணைக்காடு தேவி

இரண்டு விதத்துக்கும் ஒவ்வொரு பதிப்பு செய்து ராஜா அண்ணனுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன். சாதாரண வீடியோவைத் தொடாமல், விவரணைப் பதிப்பைத் தனி வீடியோவாக ஏற்றி, ஒன்றின் விளக்கத்தில் மற்றதன் இணைப்பை முதல் வரியாகப் போடப்போகிறோம். நிறுத்தம் வைத்த பதிப்பு 8 நொடி நீளமாகிவிடும், ஆகவே அதற்கு அந்த இடத்துக்குப் பிறகு கேப்ஷன் நேரம் எல்லாவற்றையும் 8 நொடி தள்ள வேண்டும். இல்லையா?

அடிவாரம் ஒலிப்பதிவு

ஆமாம், அந்த இடத்துக்குப் பிறகு வருவதை மட்டும். முழுக் கோப்பையும் தள்ளிவிட்டால் முதல் மூன்று சரணமும் பிசகிவிடும்.