பெஞ்ச்மார்க்கிங்: ‘தரப்படுத்தல்’ என்பது சரிதானா?

கிளினிக் நடத்தும் மருத்துவர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் சிறு கிளினிக்கை அதைப் போன்ற பிற கிளினிக்குகளோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கை எழுதி வருகிறேன். பெஞ்ச்மார்க்கிங் என்பதற்கு வரைவில் ‘தரப்படுத்தல்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த எங்கள் செவிலியர் முதலில் கேட்டது, “நமக்கு எத்தனையாவது இடம் டாக்டர்?” என்பதுதான். நான் இடம் போடவில்லை. எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்று தேடுகிறேன். எங்களிடம் 100 சர்க்கரை நோயாளிகள். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 8-க்குக் கீழே இருப்பவர்கள் 60 பேர். மற்ற கிளினிக்குகளில் இது 71 சதவீதம். இந்த 71-ஐ எந்தச் சொல்லால் குறிப்பது?

மொழிபெயர்ப்பாளர்:
‘உரைகல்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு ஐயா? பொன்னை உரைத்து மாற்றுப் பார்ப்பதுபோல, கிளினிக்கை உரைத்துப் பார்க்கிறோம். உரைகல், உரைத்தறிதல் என்று பெயரும் வினையும் ஒரே வேரில் கிடைக்கின்றன.

ஆய்வக நுட்பர்:
எங்கள் ஆய்வகத்தில் இதைத் தினமும் செய்கிறோம். அளவு முன்பே தெரிந்த மாதிரி ஒன்றைக் காலையில் கருவியில் ஓட்டுவோம். விடை விலகினால் கருவியைத் திருத்திய பிறகே நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவோம். ஆகவே ‘அளவுத்திருத்தம்’ என்பதே பொருந்தும்.

புள்ளியியல் ஆசிரியர்:
நீங்கள் சொல்வது வேறு வேலை. உங்கள் மாதிரிக்குச் சரியான விடை ஒன்று உண்டு. கிளினிக்குக்கு அப்படி ஒன்று இல்லை. உரைகல்லிலும் எனக்கு அதே தயக்கம்: அங்கே தெரிந்த மாற்றுள்ள பொன்னோடு உரசிப் பார்க்கிறோம். இங்கே நம்மைப் போன்ற இன்னொருவரோடு பார்க்கிறோம்; அவரும் தவறியிருக்கலாம்.

மருத்துவரிடம் ஒன்று கேட்டேன்: நோய் வந்து பத்தாண்டு கடந்தவர்கள் எத்தனை பேர்? 70 என்றார். மற்ற கிளினிக்குகளில் அவர்கள் 40 சதவீதம்தானாம். நோய் நாட்பட நாட்படக் கட்டுக்குள் வைப்பது கடினம். அங்கேயும் பத்தாண்டுக்கு உட்பட்டவர்களில் 85 சதவீதமும், கடந்தவர்களில் 50 சதவீதமும்தான் 8-க்குக் கீழே இருக்கிறார்கள். இப்போது நம் 100 பேரை அவர்களிடம் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். 30 பேரில் 85 சதவீதம் 25.5, 70 பேரில் பாதி 35. மொத்தம் 60.5. மருத்துவர் எட்டியிருப்பது 60. பதினொரு புள்ளி இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது!

ஆகவே ஒப்பிட வேண்டிய எண் 71 அல்ல, 60.5. கல்லில் செதுக்கிய கிடைக்கோட்டை வைத்து நில அளவையர் மட்டம் பார்ப்பார்கள். ஆங்கிலச் சொல்லே அங்கிருந்து வந்ததுதான். எண்ணுக்கு ‘மட்டக்குறி’, செயலுக்கு ‘இணையொப்பீடு’ என்பது என் பரிந்துரை.

மொழிபெயர்ப்பாளர்:
மட்டக்குறி கல்லில் நிலைத்து நிற்பது. உங்கள் 60.5 நோயாளிகள் மாறினால் தானும் மாறுகிறதே. அதை ‘எதிர்பார்ப்பளவு’ என்று சொல்லிவிடலாமே? அது இருக்கட்டும், இப்படி ஈடுசெய்துகொண்டே போனால் எந்தக் கிளினிக்கும் தப்பித்துவிடாதா?

புள்ளியியல் ஆசிரியர்:
நியாயமான அச்சம். வயது, நோயின் ஆண்டுகள் போன்று நோயாளி வரும்போதே கொண்டுவருவதை மட்டுமே ஈடுசெய்யலாம். இன்சுலின் தொடங்கினோமா, எத்தனை முறை வரச்சொன்னோம் என்பவை நம் வேலை. அவற்றையும் ஈடுசெய்தால், தேடிவந்த குறையையே கணக்கிலிருந்து துடைத்துவிடுவோம். இன்னொன்று: 100 பேர் கொண்ட பட்டியலில் தற்செயலாகவே பத்துப் புள்ளி வரை மேலும் கீழும் போகலாம். ஓராண்டு எண்ணை வைத்து மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். மூன்றாண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

கிளினிக் நடத்தும் மருத்துவர்:
நேற்றிரவு பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். 12 பேர் ஓராண்டாகப் பரிசோதனைக்கே வரவில்லை. அவர்களைக் கட்டுப்படாதவர் பக்கம் சேர்த்திருக்கிறேன், ஏனெனில் அவர்களைக் கூப்பிடாமல் விட்டது நாங்கள்தான். அவர்களை நீக்கினால் 88-இல் 60, அதாவது 68 சதவீதம். ஒரு மாத்திரைகூட மாறாமல் எட்டுப் புள்ளி ஏறிவிடுகிறது. மற்றவர்கள் நீக்கிவிட்டுக் கணக்கிட்டிருந்தால் அந்த 60.5-உம் பொருளற்றதாகிவிடும். ஏழு கிளினிக்குகளுக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு பதில்கள் வந்துள்ளன: ஒன்று நீக்கியிருக்கிறது, மற்றது நீக்கவில்லை.

தலைப்பில் இப்போதைக்கு ‘இணையொப்பீடு’ என்று போட்டிருக்கிறேன். செவிலியர் படித்துவிட்டு, “யாரோடு?” என்று கேட்டார். முன்பு கேட்டதைவிட இது நல்ல கேள்வியாகத் தோன்றியது. மட்டக்குறியா எதிர்பார்ப்பளவா என்பதை மீதி ஐந்து பதில்களும் வந்த பிறகு பேசலாமா?

மொழிபெயர்ப்பாளர்:
பேசலாம். ஆனால் பட்டியலில் யார் யார் அடங்குவர் என்பதைக் குறிக்கவும் ஒரு சொல் தேவைப்படுகிறது. பின்னத்தில் கீழே வரும் எண்ணைக் குறிக்கும் ‘பகுதி’ என்ற கணக்குச் சொல்லைப் போட்டால் உங்கள் செவிலியர் எந்தப் பகுதி, எந்தத் தெரு என்று கேட்பார். ‘கணக்கில் கொண்டோர்’ என்று எழுதிப் பாருங்கள்.