புதுப்பிப்பு: AT89S52, P1-ல எட்டு எல்இடி

அன்னைக்கு நான் கேட்டது: "பின் ஹை ஆனா எல்இடி மங்கலா எரியுது, ரெசிஸ்டர் எவ்ளோ போடலாம்?"

ரெசிஸ்டரைக் குறைச்சாலும் பிரயோஜனம் இல்லைன்னு ஒரு அண்ணா சொன்னது சரிதான், இந்த சிப்ல ஹைக்கு உள்ள இருக்குறது சின்ன புல்லப் மட்டும், 60 மைக்ரோ ஆம்ப் இழுத்தாலே வோல்டேஜ் 2.4க்கு இறங்கிடலாம். அதனால எல்இடியை 5 வோல்ட் பக்கம் திருப்பிட்டேன், இப்போ பின் லோ ஆனா எரியுது.

இன்னொருத்தர் 330 ஓம் போதும், பின் 10 மில்லியாம்ப் சிங்க் பண்ணும்னாரு. ஒத்த எல்இடிக்கு ஓகே, ஆனா P1 முழுசுக்கும் சேர்த்தே லிமிட் 15 தான், எட்டும் எரிஞ்சா 60 தாண்டும். ஆர்டுயினோல 220 போட்டு ஓடுதேன்னு ஒரு தம்பி கேட்டாப்ல, அது வேற சிப்புப்பா, ஹைலயும் நல்லா கரண்ட் குடுக்கும்.

கணக்கு:

```
(5 - 2 - 0.45) / 1.5k = 1.7 mA
1.7 x 8 = 13.6 mA
```

1.5 கே போட்டாச்சு, எட்டும் எரியுறப்போ பின்ல அளந்தா 0.4 வோல்ட் பக்கம்தான் நிக்குது, ஓவர்லோடா இருந்தா இது ஏறியிருக்கும். ரூமுக்குள்ள வெளிச்சம் போதும், வெயில்ல சரியா தெரியல, ULN2803 போடலாமா இல்ல ஹை பிரைட் எல்இடி மாத்தலாமான்னு இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன்.