புதுப்பிப்பு: இரவில் எரியும் பாதங்கள்

முன்பு நான் கேட்டது: "18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிகிறது, ஊசி குத்துவது போலிருக்கிறது. என்ன செய்வது?"

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்று செவிலியர் ஒருவர் இங்கு எழுதியதை மருத்துவரிடம் சொன்னேன். பரிசோதனையில் குறைவாகவே இருந்தது, பி12 ஊசி தொடங்கிய மூன்று மாதங்களில் குத்தல் தணிந்தது. எரிச்சல் இருந்தால் உணர்வும் இருக்கிறது என்று மற்றொருவர் தேற்றியது பாதி உண்மைதான்: மருத்துவர் நைலான் இழையால் தொட்டபோது வலது பெருவிரலின் அடியில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆகவே, தம் அண்ணனுக்குச் சுகமளித்ததாக ஒருவர் கூறிய வெந்நீரில் கால் வைக்கும் முறையை விட்டுவிட்டேன் (இரு வாரம் செய்தேன், நல்லவேளையாகக் கொப்புளம் எழவில்லை). வீட்டுக்குள்ளும் செருப்பு அணிகிறேன், வெளியே செல்லும் காலணிக்குள் கல் கிடக்கிறதா என்று முதலில் கையால் தடவிப் பார்க்கிறேன், இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைக் கவனிக்கிறேன். எஞ்சிய எரிச்சலுக்குத் தனி மாத்திரை வேண்டுமா என்பது அடுத்த மாதம்தான் தெரியும்.