புதுப்பிப்பு: மதியத் தூக்கம் கலைந்ததும் அழும் மகள்

போன மாதம் நான் கேட்டது: "இரண்டு வயது மகள் மதியம் தூங்கி எழுந்ததும் அரை மணி நேரம் அழுகிறாள். தூக்கினால் உதைக்கிறாள், இறக்கினால் இன்னும் கத்துகிறாள். என்ன செய்வது?"

மூன்று வாரம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்கிறேன். பசிதான் காரணம் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். எழுந்த உடனே பால் டம்ளரை நீட்டினேன். தட்டிவிட்டாள், பாய் முழுக்கப் பால். பத்து நிமிடம் கழித்துக் கொடுத்தால் மடமடவென்று குடிக்கிறாள். ஆக, பாதி சரி. இன்னொருவர் தன் மகன் நள்ளிரவில் அலறுவதைப் பற்றி நீளமாக எழுதினார். அது வேறு கதை.

கைகொடுத்தது குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த செவிலியர் ஒருவரின் பதில். இந்த வயதில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், அதன் நடுவில் எழுப்பினால் கண் திறந்தாலும் மூளை முழுதாக விழிக்கச் சற்று நேரமாகும் என்றார். நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். டியூஷன் பிள்ளைகள் வருவார்களே என்று தினமும் 40ஆவது நிமிடத்தில் எழுப்பிக்கொண்டிருந்ததே நான்தான்! இப்போது ஒரு மணிக்கே படுக்க வைக்கிறேன். தானாகப் புரண்டு முனகும்வரை தொடுவதில்லை. எழுப்பியே ஆக வேண்டுமென்றால் ஜன்னல் திரையைப் பாதி விலக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுகிறேன். கேள்வி எதுவும் கேட்பதில்லை. "பால் வேணுமா, கீழே போகலாமா" என்று நான் அடுக்கியதில்தான் அவள் வெடித்திருக்கிறாள்.

அழுகை இப்போது ஐந்து, பத்து நிமிடம். ஆனால் காரில் தூங்கி வீட்டு வாசலில் எழுந்தால் பழைய கூத்துதான். அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.