மணிவிழா ஆல்பம்: படங்களுக்கு இடையே சமமான இடைவெளி அமையவில்லை, உங்கள் அனுபவம் என்ன?

குடந்தை மகள்

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருக்கடையூரில் மணிவிழா நடத்தினோம். ஆல்பத்தை நானே வடிவமைத்து அச்சுக்கு அனுப்பினேன். 12க்கு 36 அளவு, இருபது ஷீட், அதாவது நாற்பது பக்கம். உறவினர் யாரும் விடுபடக் கூடாது என்று 340 படங்களை எடுத்துக்கொண்டேன். சில பக்கங்களில் பதினொரு படம் வரை இருக்கிறது.

நேற்று ஆல்பம் வந்தது. திரையில் ஒழுங்காகத் தெரிந்த இடைவெளிகள் தாளில் கோணலாகத் தெரிகின்றன. ஓரத்தில் 5 மி.மீ. விட்டிருந்தேன், இப்போது 2 மி.மீ.தான் இருக்கிறது. கடைசி வரிசைப் படங்கள் மட்டும் நசுங்கியதுபோல் இருக்கின்றன. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். அது எனக்கு மிகவும் வலித்தது. இன்னொரு பிரதி அச்சிடப் போகிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை அண்ணன்

தங்கை, பின்னணியைக் கறுப்பாக்கிவிடுங்கள். என் மகள் காதணி விழா ஆல்பத்தில் அப்படித்தான் செய்தேன். இடைவெளி கூடக் குறைய இருந்தாலும் கறுப்பில் தெரியாது. ஒரு பக்கத்துக்கு நான்கு படத்துக்கு மேல் வைக்கவும் கூடாது.

அம்பாசமுத்திரம் பெரியம்மா

எங்கள் வீட்டில் பழைய ஆல்பம் ஒன்று இருக்கிறது. கறுப்புத் தாள், நடுவில் எண்ணெய்த்தாள், படத்தின் நான்கு மூலையிலும் ஒட்டுகிற சிறு காகித மூலைகள். என் கல்யாணப் படங்களை அதில் ஒட்டியவர் என் மாமனார். படத்தை வைப்பார், பக்கத்தில் ஒரு தீக்குச்சியைப் படுக்க வைப்பார், குச்சியைத் தொட்டாற்போல் அடுத்த படத்தை வைப்பார். ஐம்பது பக்கமும் அந்த ஒரே குச்சி. இப்போது சில படங்கள் மஞ்சளாகிவிட்டன. அதற்கு என்ன செய்யலாம் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மதுரை ஆல்பம் வேலை

பெரியம்மா, மஞ்சள் ஏறிய படங்களை இப்போதே ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். உங்கள் மாமனாரின் தீக்குச்சியைத்தான் இருபது வருடமாக நானும் கணினியில் வைத்திருக்கிறேன். இடைவெளி அளவுக்கு ஒரு சிறு சிவப்புக் கட்டம் வரைந்து, இரண்டு படங்களுக்கு நடுவில் நகர்த்தி வைத்துப் பார்ப்பேன். அது சரியாகப் பொருந்தினால் அடுத்த படத்துக்குப் போவேன். கண்ணை மட்டும் நம்பினால் ஏமாற்றிவிடும்.

தங்கை, கடைசி வரிசை நசுங்கியதற்குக் காரணம் கணக்குத்தான் என்று நினைக்கிறேன். உயரத்தை மூன்றால் வகுத்துப் படங்களை வைத்துவிட்டு, அதன்பிறகு இடைவெளியை நுழைத்திருப்பீர்கள். முதலில் இடைவெளியைக் கழிக்க வேண்டும், பிறகுதான் வகுக்க வேண்டும். மூன்று வரிசைக்கு நடுவில் இடைவெளி இரண்டுதான், அதையும் மறக்கக் கூடாது.

உங்கள் பக்கத்தையே போட்டுப் பார்க்கிறேன். ஒரு பக்கம் 18 அங்குல அகலம், 12 உயரம். சுற்றிலும் அரை அங்குலம் விட்டால் 17க்கு 11 மிஞ்சும். பெரிய படமாக, கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த ஒன்றை முழு உயரத்துக்கு வையுங்கள். 11 உயரத்துக்கு அகலம் ஏறக்குறைய 7.3 வரும். படங்களுக்கு நடுவே 0.2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பக்கத்தில் 9.5 அங்குல அகலம் மீதி இருக்கும். அதில் இரண்டு வரிசை நெடுக, மூன்று வரிசை குறுக்க ஆறு படங்கள். ஒவ்வொன்றும் 4.6க்கு 3.5. கேமராப் படம் அந்த உயரத்துக்கு 5.3 அகலம் இருக்கும், ஆகவே இரு பக்கமும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். ஓரத்தில் நிற்பவரின் தோள் போகும், முகம் போகாது. ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

ஆக ஒரு பக்கத்தில் ஏழு படம். பெரியது மற்ற ஒன்றைவிடப் பரப்பில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. உங்கள் பக்கங்களில் பெரிய படம் மற்றவற்றைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்திருக்கும். அதனால்தான் அம்மாவின் கண் எங்கும் நிற்கவில்லை.

ஓரம் குறைந்தது லேப்பில் விளிம்பு வெட்டுவதால். அவர்கள் அரைக்கால் அங்குலம்போல வெட்டுவார்கள். வெளி ஓரமும் உள் இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் அந்த வெட்டு உடனே கண்ணில் படும். வெளி ஓரத்தை அரை அங்குலமாக விட்டால் படாது.

நெல்லை அண்ணன் சொன்ன கறுப்பு, காதணி விழாவுக்கு மண்டபத்து வெளிச்சத்தில் சரியாக வந்திருக்கும். கோவில் பிராகாரத்தில் எடுத்த படங்களின் ஓரம் இருட்டாக இருக்கும். கறுப்புப் பின்னணியில் இரண்டு படங்கள் ஒட்டிக்கொண்டு ஒரே படம்போல் ஆகிவிடும். வெள்ளையிலும் சிக்கல் உண்டு. ஃபிளாஷ் பட்ட வேட்டி படத்தின் விளிம்பில் வந்தால் வேட்டியும் இடைவெளியும் ஒன்றாகி, அங்கே மட்டும் அகலமாகத் தெரியும். நான் வெளிர் சாம்பல் வைத்து, படத்தைச் சுற்றி மயிரிழைக் கோடு ஒன்று கொடுப்பேன்.

நெல்லை அண்ணன்

வேட்டி விஷயம் உண்மைதான் ஐயா. நான்கு படம் என்று நான் சொன்னதிலிருந்து மாற மாட்டேன்.

சேலம் மருமகள்

எங்கள் மாமனார் மணிவிழாவில் பதினான்கு பேர் வரிசையாக நின்ற படத்தைச் சின்னக் கட்டத்தில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு முகமும் துவரம்பருப்பு அளவு. நாத்தனார் பூதக்கண்ணாடி வைத்துத் தன் பிள்ளையைத் தேடினார். அன்றுமுதல் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் படத்தைத்தான் பெரியதாக வைக்கிறேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்தும் வைப்பேன். அப்போது நடு மடிப்பு இரண்டு பேருக்கு இடையில் விழும்படி படத்தை நகர்த்திக்கொள்ள வேண்டும். ஒருமுறை மடிப்பு சித்தியின் மூக்கில் விழுந்துவிட்டது.

மதுரை ஆல்பம் வேலை

மடிப்பைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. ஆனால் பெரிய படம் எப்போதும் குழுப் படமாக இருப்பதை நான் ஏற்கவில்லை. கலச அபிஷேகத்தில் தண்ணீர் தலையில் விழும் நொடி, மறுபடி தாலி முடியும் கை, இவைதாம் பக்கத்தைத் தாங்கும். குழுப் படத்துக்குப் பக்கத்தின் மேலேயோ கீழேயோ அகல நீளப் பட்டையாக இடம் கொடுக்கலாம்.

சேலம் மருமகள்

ஆல்பத்தைப் பார்க்க வருகிறவர்கள் தேடுவது தங்கள் முகத்தைத்தான் ஐயா. தண்ணீர் விழும் நொடியை வீட்டார் ரசிப்பார்கள், வந்தவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

குடந்தை மகள்

ஐயா, நீங்கள் சொன்னதேதான் நடந்திருக்கிறது. ஓரம் போக இருந்த 11.6ஐ மூன்றால் வகுத்து 3.87 என்று வைத்தேன், பிறகு இடைவெளியைச் சேர்த்ததும் கடைசி வரிசை 0.4 அங்குலம் வெளியே தொங்கியது. அதை மட்டும் அமுக்கிச் சுருக்கினேன். இப்போது ஏழாம் பக்கத்தை 4.6க்கு 3.5 என்று திருத்தினேன், கண்ணுக்கு அமைதியாக இருக்கிறது. பக்கத்துக்கு ஏழு என்றால் 280தான் வரும், அறுபது படங்களை எடுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஆசீர்வாதத்தை மூன்று முறை எடுத்தவை.

ஒரு சந்தேகம் மட்டும். அபிஷேகத் தண்ணீர் விழும்போது அம்மா சிரிக்கும் படம் தம்பி மகன் போனில் எடுத்தது. எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. நீளம் 1600 பிக்சல். அதைப் பெரிய படமாக வைக்கலாமா?

மதுரை ஆல்பம் வேலை

11 அங்குலத்துக்கு 1600 என்றால் அங்குலத்துக்கு 145 பிக்சல்தான். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு நான் 200க்குக் கீழே போக மாட்டேன். முகத்தின் தோல் மெழுகுபோலத் தெரியும். சின்னக் கட்டத்தில் 4.6 அங்குலத்துக்குத் தாராளமாகப் போதும். பெரிதாக வேண்டுமென்றால் அந்தப் பையனின் போனில் இருக்கும் அசலை மெயிலிலோ கேபிளிலோ வாங்குங்கள்.

குடந்தை மகள்

அவன் சென்ற மாதம் போனை மாற்றிவிட்டான். பழைய போன் அவன் அம்மாவிடம் இருக்கிறதாம். இன்று இரவு கேட்டுவிட்டு வருகிறேன்.