"10 பேரில் 9 பேர்": அந்தப் பத்தாவது ஆள் நான்தான்

நெல்லைக்காரி
பாத்திரம் தேய்க்கிற லிக்விட் பாட்டில்ல கொட்டை எழுத்துல, தமிழ்ல, "10 பேரில் 9 பேர் விரும்புவது". பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி. அது எங்க போகுதுன்னு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பார்கோடுக்குக் கீழே எறும்பு ஊர்ற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி. போன்ல படம் எடுத்துப் பெருசாக்கித்தான் படிக்க முடிஞ்சுது. கம்பெனி தானே நடத்துன ஆய்வாம், அவ்வளவுதான்.

எனக்கு அது சுத்தமாப் பிடிக்கல, மீன் சட்டி வாடையே போகல. ஆனா அதைப் புகாராக்காம கடிதத்துல நாலே கேள்வி கேட்டேன். எத்தனை பேரைக் கேட்டீங்க? அவங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க? கேட்ட கேள்வி வார்த்தைக்கு வார்த்தை என்ன? எதை விட இதை விரும்புறாங்க?

முதல் பதில்ல "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி", கூடவே ஒரு தள்ளுபடி கூப்பன். கூப்பனைத் திருப்பி வச்சு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை எண்ணிக்கை வந்துச்சு. 120 வீட்டுக்கு பாட்டில் இலவசமாக் கொடுத்திருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சு 70 பேர் படிவத்தைப் பூர்த்தி பண்ணிக் கொடுத்திருக்காங்க. அதுல 63 பேர் "தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறேன்"னு டிக் அடிச்சிருக்காங்க. 70ல 63னா 90 சதவீதம், கணக்கு சரிதானே? அப்போ நான் வாயை மூடிக்கணுமா?

சேலம் மாமா
என் மிக்சியும் இப்படித்தான், ஆறே மாசத்துல ஜார் விரிசல் விட்டுடுச்சு. பில்லோட நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போம்மா, காசு வந்துடும்.

நெல்லைக்காரி
மாமா, எனக்குக் காசு வேண்டாம். அந்த வரிக்கு ஆதாரம்தான் கேக்குறேன்.

தராசு
100 பேருக்குக் குறைவா கேட்ட சர்வே சட்டப்படி செல்லாது. அந்த ஒண்ணை வச்சே மடக்கிடலாம்.

பழைய ஃபீல்டு ஆபீசர்
தராசு, சர்வே சின்னதுங்கிறது சரி. ஆனா 100ன்னு சட்டத்துல எல்லைக்கோடு எதுவும் கிடையாது. அதை எழுதினா அவங்க வக்கீல் அந்த ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்குவார்.

பதினோரு வருஷம் இந்த சர்வே வேலைதான் பார்த்தேன். நெல்லைக்காரிக்கு வந்த பதில்ல ஓட்டை வேற இடத்துல இருக்கு. பதில் தராத 50 வீட்டைப் பாருங்க. படிவத்தைத் திருப்பித் தர்றது பெரும்பாலும் பொருள் பிடிச்சவங்க. மத்தவங்க பாட்டிலை ஓரமா வச்சுட்டு மறந்துடுவாங்க. அந்த 50 பேருக்கும் பிடிக்கலன்னு வச்சா 120க்கு 63, அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல. எல்லாருக்குமே பிடிச்சிருந்தா 113. உண்மை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ இருக்கு. எங்கேன்னு கம்பெனிக்கும் தெரியாது.

அதை விடப் பெரிய ஓட்டை கேள்விதான். "தொடர்ந்து பயன்படுத்துவீங்களா"ன்னு ஓசியில வந்த பாட்டிலைப் பத்திக் கேட்டா யார் இல்லைன்னு சொல்வா? 'விரும்புவது'ன்னு அடிச்சா, படிக்கிறவங்க மத்த பிராண்டை விட இதைத்தான்னு எடுத்துக்குவாங்க. இங்க ரெண்டாவது பாட்டிலே வைக்கல. பிரிட்டன்ல 2007ல ஒரு பற்பசை விளம்பரம் கிட்டத்தட்ட இதே மாதிரி சிக்குச்சு. 80 சதவீதத்துக்கு மேல பல் டாக்டர்கள் பரிந்துரைக்கிறாங்கன்னு போர்டு வச்சாங்க. விசாரிச்சா, ஒவ்வொரு டாக்டரும் எத்தனை பிராண்டு வேணும்னாலும் சொல்லலாம்னு விட்ட சர்வே. அந்த விளம்பரத்தைத் திரும்பப் போடக்கூடாதுன்னு அங்கத்திய விளம்பரத் தர வாரியம் சொல்லிடுச்சு.

நெல்லைக்காரி
அப்போ அந்த எறும்பு எழுத்து?

பழைய ஃபீல்டு ஆபீசர்
அதுதான் உங்க கையில இருக்கிற நல்ல சீட்டு. 2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டு நெறிமுறையில, பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரத்துல சொன்ன அதே மொழியில இருக்கணும், அதே எழுத்துரு இருக்கணும்னு இருக்கு. தமிழ்ல பெருமை, இங்கிலீஷ்ல நிபந்தனைன்னா அது இடிக்குது. பாட்டிலோட ரெண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ரெண்டு பதில் கடிதத்தையும் சேர்த்து மும்பையில இருக்கிற விளம்பரத் தரக் கவுன்சிலுக்கு அனுப்புங்க. ஆனா அது விளம்பரத் துறை தானே வச்சுக்கிட்ட அமைப்பு. மாத்து, எடுன்னு சொல்லும், அபராதம் போடாது. அபராதம் ஆணையத்தோட வேலை, முதல் தடவை 10 லட்சம் வரைக்கும் போடலாம்.

தராசு
சரி, 100ஐ விட்டுடுறேன். ஆனா 70 பேர் போதும்ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

பழைய ஃபீல்டு ஆபீசர்
ஒழுங்காப் பொறுக்கி எடுத்த 70, ஏனோதானோன்னு எடுத்த 7,000ஐ விட மேல். இதுல நமக்குள்ள சண்டை தீராது, விடுங்க.

நெல்லைக்காரி
அனுப்பிட்டேன், மூணு வாரமாச்சு. பதில் இன்னும் வரல. நேத்து கடையில பார்த்தேன், புது பாட்டில்ல "9 பேர்" அப்படியே இருக்கு, நட்சத்திரத்தை மட்டும் காணோம். இதுக்கு என்ன அர்த்தம்?

சேலம் மாமா
ஜார் மாத்திக் கொடுத்துட்டாங்கம்மா.