தரம் 4 பிள்ளைகளுக்குக் குரல் பிரித்த பாட்டு: பல்லவி எங்கே சிதறுகிறது?

கடற்கரை வீதி
36 பிள்ளைகள், மூன்று குழு. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகும் ரயில் பற்றி ஒரு பாட்டு. பாடுவதில்லை, சேர்ந்து வாசிப்பதுதான். இப்போதைக்கு முதற்கண்ணி இது:

குழு 1: வெள்ளவத்தை தாண்டியாச்சு, வெயில் ஏறுது
குழு 2: அலைகள் வந்து கல்லில் மோதி நுரை மின்னுது
குழு 3: ஈரக் கல்லின் இடுக்கில் நின்று நண்டு பார்க்குது
எல்லோரும்: ஆகா ஆகா கோச்சி வருது, அழகான கோச்சி வருது

குழு 2 தன் முறையை மறந்து நிற்கிறது. பல்லவி கூச்சலாகிவிடுகிறது. குழுக்களை மாற்றியும் பார்த்தாச்சு.

மழைக்காகம்
குழுவில் பிழையில்லை மிஸ், எழுத்தில்தான்.

முதலில் பல்லவி. ‘ஆகா’ என்று உயிரெழுத்தில் தொடங்கினால் 36 வாயும் வெவ்வேறு நேரத்தில் திறக்கும். க, ட, ப போன்ற வல்லினத்தில் தொடங்கினால் எல்லோருக்கும் அடி ஒரே இடத்தில் விழும். ‘ச’ வேண்டாம், கூட்டமாய்ச் சொன்னால் சீறும். முடிவில் வரும் ‘வருது’விலும் சிக்கல் இருக்கிறது. கடைசி உகரத்தைப் பாதிப் பிள்ளைகள் விழுங்குவார்கள், மீதிப் பேர் இழுப்பார்கள். நெட்டெழுத்தில் முடியுங்கள்:

கடகட கடகட கோச்சியே வா
கடலோரப் பாதையில் கோச்சியே வா

நெட்டெழுத்துக்கு ஓர் ஆபத்தும் உண்டு. ஒருவர் ‘வா’வை இரண்டு எண்ணிக்கைக்கு நீட்டுவார், இன்னொருவர் ஐந்துக்கு. அதனால் ‘வா’ இரண்டு எண்ணிக்கை, பிறகு ஒரு கைதட்டு என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும். தட்டு விழுந்தால் வாய் மூடிவிடும்.

குழு 2 மறப்பதற்கு மருந்து அந்தாதி. முந்தின வரி விட்ட சொல்லை அடுத்த வரி எடுக்கட்டும்:

வெள்ளவத்தை தாண்டியாச்சு, வெயில் ஏறுது
வெயில் ஏறும் கடல்மேலே நுரை மின்னுது
நுரை மின்னும் கல்மேலே நண்டு பார்க்குது

‘வெயில்’ காதில் விழுந்தாலே குழு 2 விழித்துக்கொள்ளும். தாளைப் பார்த்து எண்ண வேண்டியதில்லை.

கொட்டாஞ்சேனை அம்மா
ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வரி, பெண்பிள்ளைகளுக்கு ஒரு வரி என்று பிரித்தாலே போதுமே, வித்தியாசம் நன்றாய்க் கேட்கும். பல்லவியை நாலு வரியாக்குங்கள், சின்னதுகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் ஆசை.

மழைக்காகம்
ஆசை உண்டுதான் அக்கா. ஆனால் நாலு வரிப் பல்லவி மூன்றாம் முறை வரும்போது பாட்டையே மூடிவிடும். மூன்று வரிக் கண்ணிக்கு இரண்டு வரி போதும், அதையும் ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். ஒன்பது வயதில் ஆண், பெண் குரலுக்குப் பெரிய வித்தியாசம் கேட்காது. எண்ணிக்கையில்தான் கேட்கும். முதல் வரிக்கு ஒரே ஒரு பிள்ளை, இரண்டாவதற்கு ஆறு பேர், மூன்றாவதற்குப் பன்னிரண்டு, பல்லவிக்கு 36. ரயில் கிட்ட வருவதுபோல இருக்கும்.

தாளக்கட்டை
தமிழ்மொழித்தினப் பாவோதலுக்கு மகள் தயாராகிறாள். இந்தக் கைதட்டுக்குப் புள்ளி குறைப்பார்களா?

கடற்கரை வீதி
பாவோதல் தனிப் பிள்ளை சொல்வது, சேர். இது வகுப்பு வாசிப்பு. அதன் விதியை உங்கள் பாடசாலையிலேயே கேளுங்கள்.

மழைக்காகம், மாற்றி வாசித்துப் பார்த்தோம். அந்தாதி பிடித்துக்கொண்டது. ஆனால் ‘பார்க்குது’ முடிந்த கையோடு பல்லவிக்குப் பாய்கிறார்கள், முதல் ‘கடகட’ பாதிப் பேருக்கு மூச்சில்லாமல் போகிறது.

மழைக்காகம்
அங்கே ஓர் எண்ணிக்கை வெற்றிடம் விடுங்கள், தாளில் ஒரு கோடு போட்டுக் காட்டலாம். ‘பார்க்குது’வின் உகரம் குறுகி நிற்பது இங்கே நல்லதுதான், ஒலி சட்டென்று அறும், மூச்செடுக்க இடம் கிடைக்கும். ஒவ்வொரு கண்ணியின் மூன்றாம் வரியும் ‘பார்க்குது’ என்றே முடியட்டும். பம்பலப்பிட்டியில் பூனை பார்க்கட்டும், கொள்ளுப்பிட்டியில் காகம் பார்க்கட்டும். அந்தச் சொல் வந்தால் 36 பேரும் மூச்செடுப்பார்கள், நீங்கள் கை காட்டத் தேவையில்லை.

தாளில் முழுப் பாட்டும் எல்லோருக்கும் இருக்க வேண்டும். தன் வரி மட்டும் உள்ள துண்டைக் கொடுத்தால் பிள்ளை மற்றவர்களைக் கேட்காது.

கொட்டாஞ்சேனை அம்மா
எல்லாம் சரி, பாடசாலை மேடையில் ‘கோச்சி’யா? ‘புகையிரதம்’ என்று போடக்கூடாதா?

மழைக்காகம்
‘கடகட கடகட புகையிரதமே வா’ என்று நாலு தரம் வேகமாய்ச் சொல்லிப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா
நாக்கு இடறுது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பேச்சு வழக்கா? ‘ரயிலே வா’ என்றாவது போடலாம்.

கடற்கரை வீதி
‘ரயிலே வா’வும் அடிக்குள் நிற்கிறது. ஆனால் ‘கடகட’வுக்குப் பிறகு வரும் அந்த ‘கோ’ போய்விடுகிறதே. இரண்டு தாளும் அடித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பிள்ளைகள் வாயில் எது நிற்கிறதென்று பார்ப்போம்.